பெரியப்பாவின் திண்ணைக்கு ஒரு பெயர்ப்பலகை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா சொன்னார்: "தம்பி, உனக்குத்தான் இந்த டிசைன் வேலையெல்லாம் தெரியுமே. யூடியூப்ல எனக்கு ஒரு சேனல் போட்டுக் குடு."

பெரியப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு மயிலாடுதுறை கூறைநாட்டில். சின்ன வயதில் கோயில் ஓதுவார் ஒருவரிடம் தேவாரம் பாடம் கேட்டிருக்கிறார். இப்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு அதைச் சொல்லித் தருகிறார். சேனல் யாருக்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான்" என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பெயர்கூட வைக்க முடியாது. ஆனால் அன்று ராத்திரியே சரியான பதில் கிடைத்தது. இந்தத் தெருவில் இருந்து கோயம்புத்தூருக்குக் குடிபோன ஒரு அம்மா வாரம் ஒருமுறை போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பெரியப்பா ஒரு அடி பாடுவார், அவர் திருப்பிப் பாடுவார். அவரிடம் புத்தகம் இருக்கிறது. எங்கே பதம் பிரிப்பது, எந்த மெட்டு என்பதுதான் தெரியவில்லை. அடியை வேகமாகப் பாடிவிட்டால் "அண்ணா, இன்னொரு தடவை" என்பார். "பெரியப்பா, சேனல் இவங்களுக்குத்தான்" என்றேன். அதன்பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த அம்மாவை நினைத்துத்தான் முடிவெடுத்தோம்.

முதலில் பெயர். பெரியப்பா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தவை: ஓம் நமசிவாய, சிவமயம், தென்னாடுடைய சிவன். ஒவ்வொன்றையும் யூடியூபில் தட்டிக் காட்டினேன். அதே பெயரில் வரிசையாகச் சேனல்களும் பாட்டுகளும் வந்து நின்றன. சாமி பெயரையே சேனல் பெயராக வைத்தால் தேடுகிறவருக்குச் சாமி கிடைப்பார், நாம் கிடைக்க மாட்டோம். அடுத்து நான் "தினம் ஒரு பதிகம்" என்றேன். கேட்க நன்றாக இருந்தது. பெரியம்மாதான் உள்ளே இருந்து, "தினம் யாரு பாடறது? இவருக்கு மார்கழியில பூரா இருமல்" என்றார். பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால் மூன்றாம் நாளே பொய்யாகிவிடும். அதையும் அடித்தோம்.

"பதிகம் பழகுவோம்" எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. சிக்கல் ஆங்கில எழுத்தில் வந்தது. சேனலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் @ போட்டு வரும் முகவரியை, அதாவது ஹேண்டிலை, வாயால் சொல்லித்தான் பரப்புவோம். கேட்கிறவர் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார். ழகரத்துக்கு ஒருவர் zha போடுவார், இன்னொருவர் la போடுவார். "பதிகப் பாடம்" என்று மாற்றிப் பார்த்தால் padam என்பதைப் பாதிப் பேர் படம் என்று படிப்பார்கள்.

கடைசியில் "திண்ணைப் பதிகம்" என்று நின்றது. சோதித்துப் பார்க்க கும்பகோணத்து அத்தைக்கும் சென்னையில் இருக்கும் தங்கைக்கும் போன் செய்து பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லி, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொன்னேன். இரண்டு பேரும் thinnai சரியாகப் போட்டிருந்தார்கள். பதிகத்துக்கு ஒருவர் pathigam, இன்னொருவர் padhigam. முன்பாதி ஒன்றுபோல வந்தால் போதும் என்று `@thinnaipathigam` எடுத்தோம். ஹேண்டில் 30 எழுத்துவரை போகலாம், இது 15தான். பெயரையும் ஹேண்டிலையும் 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் தாளில் அடித்துத் திருத்தி முடித்தபிறகே கணினியில் ஏற்றினோம். நடுவில் வரும் "ப்"பை விட்டுவிடலாமா, தேடுகிறவர்கள் அதைப் போட மாட்டார்களே என்று கேட்டேன். ஒற்று இல்லாத பலகையின் கீழ் உட்கார மாட்டேன் என்றார் பெரியப்பா. சரி, ஒற்று இருக்கிறது.

கணக்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று. என் சொந்த மின்னஞ்சலில் ஆரம்பிக்காமல், சேனலுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு திறந்தேன். யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதியில் என்னை மேலாளராகச் சேர்த்துக்கொண்டேன். நாளைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்வதானால் கடவுச்சொல்லைக் கைமாற்ற வேண்டியதில்லை. அதோடு `youtube.com/verify` பக்கத்தில் போன் எண்ணையும் உறுதி செய்துவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் நீளமான வீடியோ ஏறாது. இது ஏன் முக்கியம் என்பது கோளறு பதிகத்துக்கு வரும்போது தெரியும்.

அடுத்தது சேனல் விளக்கம். பெரியப்பா முதலில் எழுதிக் கொடுத்தது இப்படி ஆரம்பித்தது: "எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருளால், ஆன்மிக அன்பர்கள் அனைவரும் அருட்கடலில் மூழ்கித் திளைத்திட..." ஒரு முழுப் பக்கம். கும்பாபிஷேகப் பத்திரிகையாக இருந்தால் சரி. ஆனால் சேனல் பக்கத்தைத் திறக்கிறவருக்கு விளக்கத்தின் முதல் வரி மட்டும்தான் கண்ணில் படும். மீதியைத் தட்டித்தான் விரிக்க வேண்டும். கோயம்புத்தூர் அம்மா அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, இது நமக்கு ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 1,000 எழுத்துதான் இடம். அதிலும் நம் "தி" கணினிக் கணக்கில் இரண்டு எழுத்து, தகரம் ஒன்று, மேலே வரும் கொக்கி ஒன்று. "மூழ்கித் திளைத்திட" என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டது இது:

> தேவாரப் பதிகங்களைப் பதம் பிரித்துக் கூடவே பாடிப் பழகலாம். ஒவ்வோர் அடியையும் ஒருமுறை பாடி, நீங்கள் திருப்பிப் பாட இடைவெளி விடுகிறோம். கடைசியில் முழுப் பதிகமும் நிறுத்தாமல் ஒருமுறை.
>
> பாடுபவர் மயிலாடுதுறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஓதுவார் ஒருவரிடம் பாடம் கேட்டவர். சங்கீத வித்துவான் அல்லர். சொல்லிலோ பண்ணிலோ பிழை கண்டால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம்.
>
> மூன்று வாரம் அல்லது ஒரு மாதத்துக்கு ஒரு பதிகம் வரும்.
>
> Thevaram, Tevaram, Thirumurai, Pathigam, Padhigam – learn to sing along.

"வித்துவான் அல்லர்" என்ற வரியை நான் எடுக்கச் சொன்னேன். அவர் விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. தேவாரம் கேட்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருவது சண்டையாக இல்லாமல் திருத்தமாக வரும். கடைசி வரி ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்காக. அதையே இருபது விதமாக எழுதி அடைப்பது சிலர் வழக்கம். அப்படிச் சொற்களைக் குவிப்பது யூடியூபின் விதிகளுக்கு ஒத்துவராது, படிக்கவும் அசிங்கம்.

பேனர்தான் என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில்தான் முதல் அடி விழுந்தது. 2560க்கு 1440 பிக்சல் அளவில் ஒரு படம் செய்தேன். ஒரு பக்கம் நடராஜர், இன்னொரு பக்கம் பெரிதாகப் பெயர். கணினியில் பிரமாதமாக இருந்தது. ஏற்றிவிட்டு போனில் திறந்து பெரியப்பாவிடம் நீட்டினேன். நடராஜரின் தலையும் இல்லை, தூக்கிய திருவடியும் இல்லை. இடுப்பு மட்டும் தெரிந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இத முதல்ல எடுத்துடு தம்பி" என்றார்.

காரணம் எளிது. ஒரே படத்தை யூடியூப் மூன்று விதமாக வெட்டுகிறது. டிவியில் முழுப் படமும் தெரியும். கணினியில் அகலமான ஒரு பட்டை தெரியும். போனில் அந்தப் பட்டையின் நடுப்பகுதி மட்டும்தான். எங்கே பார்த்தாலும் வெட்டுப்படாத இடம் நடுவில் ஒரு சின்னப் பட்டைதான். படத்தைக் குறைந்தபட்ச அளவான 2048க்கு 1152இல் செய்தால் அந்தப் பட்டை 1235க்கு 338. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிற்கிற சாமி யாரும் அதற்குள் முழுதாக அடங்க மாட்டார். பக்திச் சேனலுக்கு இது அழகு பற்றிய கேள்வி மட்டும் இல்லை. தலை வெட்டிய சாமி படத்தோடு ஒரு வீட்டில் காலண்டரைக்கூட மாட்ட மாட்டார்கள்.

அதனால் பேனரில் சாமி வேண்டாம் என்று முடிவு செய்தோம். காலண்டர் ஓவியங்களுக்கு வரைந்தவருக்கோ அச்சிட்டவருக்கோ உரிமை இருக்கும், இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட முடியாது. கோயிலுக்குள் நாமே எடுக்கலாம் என்றால் மூலவரை எடுக்கக்கூடாது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்கே தடை போடச் சொல்லிவிட்டது. கடைசியில் வீட்டுத் திண்ணையையே எடுத்தேன். விடியற்காலை வெளிச்சத்தில் மரத்தூண், பக்கத்தில் பாய், அதன்மேல் திறந்த புத்தகம். அகலவாட்டில் கிடக்கிற பொருட்கள் என்பதால் பட்டை வடிவத்துக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தின. மேலும் கீழும் வெறும் சுவரும் தரையும்தான், அவை வெட்டுப்பட்டால் நஷ்டம் இல்லை. நடுப்பட்டைக்குள் இரண்டே வரி: "திண்ணைப் பதிகம்", கீழே "கூடவே பாடிப் பழக".

தமிழ் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பயன்படுத்திய மென்பொருளில் "திண்ணை"யின் ஐகாரக் கொம்பு ணகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றியபிறகுதான் சரியானது. வடிவமைப்பவர் தமிழ் படிக்காதவராக இருந்தால் இது அப்படியே வெளியே போய்விடும். எனவே படம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். கொம்பு சரியா, புள்ளி தெரிகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

சுயவிவரப் படத்துக்குத் தன் முகம் வேண்டாம் என்றார் பெரியப்பா. அந்தப் படம் வட்டமாக வெட்டப்பட்டு, கருத்துகளின் பக்கத்தில் பொட்டளவுதான் தெரியும். பெயரை எழுதினால் படிக்க முடியாது. அகல்விளக்கு போட்டால் நூறு அகல்விளக்குகளில் ஒன்றாகிவிடும். அவர் மடியில் இருந்த கைத்தாளத்தைப் பார்த்தேன். பித்தளை, வட்டம். கறுப்புத் துணியில் வைத்து மேலிருந்து எடுத்ததும் வேலை முடிந்தது.

இனி முதல் ஐந்து வீடியோ. பெரியப்பாவின் திட்டம் முதல் திருமுறையின் முதல் பதிகத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போவது. தேவாரம் மொத்தம் ஏழு திருமுறை, அவற்றில் ஏறத்தாழ 800 பதிகங்கள். எங்கள் வேகத்தில் முடிக்க ஐம்பது வருடம் வேண்டும். என் திட்டம் எல்லோரும் தேடுகிற கோளறு பதிகத்தில் ஆரம்பிப்பது. அதிலும் கோளாறு உண்டு. பெரிய பாடகர்கள் பாடிய கோளறு பதிகம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. நம் முறை இன்னும் கைவராத முதல் வீடியோவோடு அந்தக் கூட்டத்தில் போய் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

வழி காட்டியது பஞ்சாங்கம். அப்பர் குருபூஜை சித்திரைச் சதயம். சம்பந்தர் குருபூஜை வைகாசி மூலம். சுந்தரர் குருபூஜை ஆடிச் சுவாதி. சித்திரையில் ஆரம்பித்தால் தேவாரம் பாடிய இந்த மூவரும் ஆடிக்குள் வரிசையாக வந்துவிடுகிறார்கள். அந்தந்த நாளில் அவரவர் பதிகத்தைத் தேடுகிறவர்களும் இருப்பார்கள். குருபூஜைக்கு ஒரு வாரம் முன்னால் போட்டால், பழகி அன்றைக்குப் பாடலாம்.

அதனால் முதல் வீடியோ அப்பரின் "மாசில் வீணையும்". ஐந்தாம் திருமுறை, திருக்குறுந்தொகை. பத்தே பாடல், குட்டி அடிகள், முதல் பாட்டு பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் ஆனது. புதிதாக வருகிறவர் பயப்பட மாட்டார், எங்களுக்கும் பழகிக்கொள்ள ஏற்றது. ஓர் அடி பாட 5 விநாடி, திருப்பிப் பாட 5 விநாடி. நாலு அடிக்கு 40 விநாடி, பத்துப் பாட்டுக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் நிறுத்தாமல் பாடுவதையும் சேர்த்தால் பத்து நிமிடம்.

இரண்டாவது வைகாசி மூலத்துக்கு, சம்பந்தரின் "தோடுடைய செவியன்". பண் நட்டபாடை, இன்றைய கச்சேரி மொழியில் கம்பீர நாட்டை. இதில் பத்தாவது பாட்டு புத்தரையும் சமணரையும் சாடுகிறது. சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விட்டுவிடலாமா என்று கேட்டேன். "முழுப் பதிகம்னு எழுதிட்டு ஒண்ணை முழுங்கறதா?" என்றார். பாடுகிறோம். விளக்கத்தில் ஏழாம் நூற்றாண்டின் சமய வாதம் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு மேல் பேச்சில்லை. தலைப்பு "தோடுடைய செவியன் | முழுப் பதிகம் | கூடப் பாட | Thodudaya Seviyan". கணினிக் கணக்கில் 63 எழுத்து, 100வரை இடம் உண்டு. ஆனாலும் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும், போனில் தலைப்பின் வால் வெட்டுப்படும்.

மூன்றாவதாகக் கோளறு பதிகம், ஆனி மாதத்தில். இதற்குள் முறை பழகியிருக்கும். மற்றவர்களின் பதிவுகளில் இல்லாத ஒன்றை இங்கே தர முடியும். இரண்டாம் பாட்டில் புத்தகம் "ஒன்பதொ டொன்றொ டேழு பதினெட்டொ டாறும்" என்று சீர் பிரித்து அச்சிட்டிருக்கும். பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். திரையில் நாங்கள் "ஒன்பதொடு ஒன்றொடு ஏழு பதினெட்டொடு ஆறும்" என்று போடுகிறோம். ஒன்பது, ஒன்று, ஏழு, பதினெட்டு, ஆறு, எல்லாம் நட்சத்திரக் கணக்கு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நாக்கும் வழிக்கு வந்துவிடுகிறது. இதன் அடிகள் நீளம். ஓர் அடிக்கு 10 விநாடி, இடைவெளி 10 விநாடி என்று வைத்தால் 11 பாட்டுக்கே ஏறக்குறைய 15 நிமிடம், முழுப் பாட்டையும் சேர்த்தால் 22. போன் எண் உறுதி செய்யாதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நான்காவது எங்கள் ஊர்ப் பதிகம், சம்பந்தர் மயிலாடுதுறையைப் பாடிய "கரவின்றி நன்மாமலர் கொண்டே". இதை அதிகம் பேர் தேட மாட்டார்கள். ஆனால் தேடுகிறவருக்கு எங்களை விட்டால் அதிகம் கதியில்லை. ஐந்தாவது ஆடிச் சுவாதிக்குச் சுந்தரரின் "பித்தா பிறைசூடி".

வெளியிடும் முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம், அதில் இரண்டு சிக்கல். பெரியப்பா பழைய கேசட்டில் இருந்து புல்லாங்குழலைப் பின்னணியில் ஓட விட்டிருந்தார். ஏற்றும்போதே சரிபார்ப்புக் கட்டத்தில் பதிப்புரிமைக் கோரிக்கை என்று வந்துவிட்டது. பாட்டு 1,300 வருடப் பழசு, யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் ஒலிப்பதிவு அதை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சொந்தம், இந்தியச் சட்டப்படி வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்தில் இருந்து 60 வருடம். இப்போது சுருதிப் பெட்டி மட்டும்தான்.

இரண்டாவது என் தவறு. பேரன் தாளம் போடுகிறான் என்பதால் "குழந்தைகளுக்கானது" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அது குழந்தைகள் பார்ப்பதற்காகவே எடுத்த வீடியோவுக்கான தெரிவு, குழந்தை திரையில் இருப்பதற்கானது இல்லை. அதைப் போட்டால் கருத்துப் பகுதி மூடிவிடும், வீடியோவைத் தன் பட்டியலில் சேமிக்கவும் முடியாது. பிழை கண்டால் எழுதுங்கள் என்று விளக்கத்தில் கூப்பிட்டுவிட்டு வாசற்கதவைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது. "இல்லை" என்று மாற்றினேன்.

சித்திரைச் சதயத்துக்கு ஒரு வாரம் முன்னால் "மாசில் வீணையும்" வெளியானது. கோயம்புத்தூர் அம்மா கருத்துப் பகுதியில் எழுதாமல் வழக்கம்போல போன்தான் செய்தார். நல்லா இருக்கு அண்ணா, ஆனா நான் அடியைப் பிடிச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த அடிக்குப் போயிடறீங்க என்றார். அடிக்குச் சமமான இடைவெளி போதாது. மூச்செடுக்க இரண்டு விநாடி கூட வேண்டும். தோடுடைய செவியனில் அதைச் சேர்த்துவிட்டோம். கோளறு பதிகத்துக்கும் அந்தக் கணக்கைப் போட்டால் 22 நிமிடம் இருபத்து மூன்றரை ஆகிறது. நாளைக்கு விடியற்காலை நாலரைக்கு, முதல் பஸ் தெருவில் திரும்புவதற்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பெரியம்மா இப்போதே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கச் சொல்கிறார், காலையில் மறந்துவிடுவேனாம்.